ஒரே லிஸ்ட், இரண்டு விடை: குயிக் சார்ட்டின் முதல் பாஸில் என்ன நடக்கிறது?

*ஸ்லைடில் குயிக் சார்ட்டுக்கு 42 17 65 30 88 23 51 36 என்று ஒரு லிஸ்ட் இருக்கிறது. முதல் பாஸ் முடிந்ததும் 23 17 36 30 42 88 51 65 வரும் என்று போட்டிருக்கிறார்கள். நான் நெட்டில் எடுத்த கோடை வைத்து ட்ரேஸ் செய்தால் 17 30 23 36 88 65 51 42 வருகிறது. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவே இல்லை. எது தப்பு? நடுவில் என்ன நடக்கிறது என்று ஸ்லைடில் இல்லை. நாளை மறுநாள் இன்டர்னல்.*

இரண்டும் சரி. ஸ்லைடு முதல் எண்ணான 42ஐ பிவட்டாக எடுக்கிறது, உங்கள் கோடு கடைசி எண்ணான 36ஐ எடுக்கிறது. அது மட்டுமில்லை, எண்களை இரண்டு பக்கமாகப் பிரிக்கும் முறையும் வேறு. குயிக் சார்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று பார்ட்டிஷன் முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த முறை என்று சொல்லாமல் "முதல் பாஸுக்குப் பிறகு என்ன வரும்" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அதனால் முதலில் ஸ்லைடில் இருக்கும் முறையைப் பிடித்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருக்கும் விடையைப் பார்த்தால், ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் கோடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்க வேண்டும்:

```c
int partition(int a[], int low, int high) {
    int pivot = a[low];
    int i = low, j = high;
    while (i < j) {
        while (i < high && a[i] <= pivot) i++;
        while (a[j] > pivot) j--;
        if (i < j) swap(&a[i], &a[j]);
    }
    swap(&a[low], &a[j]);
    return j;
}
```

i இடமிருந்து வலமாக நடக்கிறது. பிவட்டைவிடப் பெரிய எண் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. j வலமிருந்து இடமாக வருகிறது. பிவட்டைவிடப் பெரியதாக இல்லாத எண்ணைக் கண்டதும் நிற்கிறது. அதாவது i நிற்பது தவறாக இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரிய எண்ணில், j நிற்பது தவறாக வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் சின்ன எண்ணில். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டுமே சரியான பக்கத்துக்குப் போய்விடும். இந்த ஒரு வாக்கியம் மனதில் இருந்தால் கோடை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இப்போது ட்ரேஸ். இன்டெக்ஸ் 0 முதல் 7 வரை.

```
0   1   2   3   4   5   6   7
42  17  65  30  88  23  51  36
```

i 0இல் தொடங்குகிறது. 42 <= 42 உண்மை, எனவே 1க்கு நகர்கிறது. 17 சின்னது, 2க்குப் போகிறது. 65 பெரியது, அங்கே நிற்கிறது. j 7இல் இருக்கிறது. 36 பெரியது இல்லை, நகராமல் அங்கேயே நிற்கிறது. i = 2, j = 7. இன்னும் ஒன்றையொன்று தாண்டவில்லை, எனவே 65உம் 36உம் இடம் மாறுகின்றன.

```
42  17  36  30  88  23  51  65
```

வெளி while மறுபடி ஓடுகிறது. இங்கே கவனியுங்கள், i மீண்டும் 0க்குப் போவதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. இன்டெக்ஸ் 2இல் இப்போது 36 இருக்கிறது, தாண்டுகிறது. 30ஐயும் தாண்டுகிறது. 88இல் நிற்கிறது, i = 4. j 7இலிருந்து கிளம்புகிறது. 65 பெரியது, 51 பெரியது, 23 இல்லை. j = 5. மாற்று.

```
42  17  36  30  23  88  51  65
```

i = 4, j = 5. i < j இன்னும் உண்மைதான், எனவே மூன்றாவது சுற்றும் உண்டு. நிறையப் பேர் "இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன, முடிந்தது" என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் j 5இலேயே நின்றுவிடும், பிவட் தவறான இடத்துக்குப் போகும். மூன்றாவது சுற்றில் i இன்டெக்ஸ் 4இல் இருக்கும் 23ஐத் தாண்டி 88இல் நிற்கிறது, i = 5. j இன்டெக்ஸ் 5இல் இருக்கும் 88ஐத் தாண்டி 23இல் நிற்கிறது, j = 4. இப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று தாண்டியிருக்கின்றன. if பொய், ஸ்வாப் இல்லை, வெளி while முடிகிறது.

கடைசி வேலை, a[low]ஐயும் a[j]யையும் மாற்றுவது. 42உம் 23உம் இடம் மாறுகின்றன.

```
23  17  36  30  [42]  88  51  65
```

ஸ்லைடில் இருப்பது இதுதான். 42 தன் நிரந்தர இடத்துக்கு வந்துவிட்டது, இனி யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

ஏன் j? ஏன் i இல்லை? இதில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தாண்டிய பிறகு i இருப்பது வலப்பக்கத்தின் முதல் எண்ணில், அதாவது 88இல். j இருப்பது இடப்பக்கத்தின் கடைசி எண்ணில், அதாவது 23இல். 42 இருக்கும் இன்டெக்ஸ் 0 இடப்பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே போய் உட்காரப்போகும் எண்ணும் சின்ன எண்ணாகத்தான் இருக்க வேண்டும். j கொடுப்பது சின்ன எண். தப்பித்தவறி i உடன் மாற்றினால் இப்படி வரும்:

```
88  17  36  30  23  [42]  51  65
```

42க்கு இடப்பக்கம் 88. பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் பரீட்சை அவசரத்தில் வரிசையை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

i < high என்ற சோதனை i பக்கத்துக்கு மட்டும் இருக்கிறது, j பக்கத்துக்கு இல்லை. அதுவும் மறதியால் விட்டது இல்லை. j எவ்வளவு தூரம் இடப்பக்கம் போனாலும் கடைசியில் a[low]இல் பிவட்டே இருக்கிறது. 42 > 42 பொய், அங்கே நின்றே தீரும். i பக்கம் அப்படி ஒரு தடுப்பு இல்லை. பிவட்டே மிகப் பெரிய எண்ணாக இருந்தால் i அரேயைத் தாண்டிப் போய்விடும். சற்று நேரத்தில் நம் லிஸ்ட்டிலேயே அது நடக்கப்போகிறது.

இனி மிச்சம். இடப்பக்கம் முதலில், இன்டெக்ஸ் 0 முதல் 3 வரை: 23 17 36 30. பிவட் 23. i 36இல் நிற்கிறது (இன்டெக்ஸ் 2). j 30, 36 இரண்டையும் தாண்டி 17இல் நிற்கிறது (இன்டெக்ஸ் 1). முதல் சுற்றிலேயே தாண்டிவிட்டன. நடுவில் ஸ்வாப் எதுவும் இல்லை, கடைசி ஸ்வாப் மட்டும்: 17 23 36 30. இப்போது 23 தன் இடத்தில். அதற்கு இடப்பக்கம் 17 மட்டும், ஒற்றை எண், வேலை இல்லை. வலப்பக்கம் 36 30. பிவட் 36. i நகர்ந்து இன்டெக்ஸ் 3க்கு வருகிறது, high அதுதான் என்பதால் அங்கேயே நிறுத்தப்படுகிறது. j 30இல் நிற்கிறது, அதுவும் இன்டெக்ஸ் 3. மாற்றினால் 30 36.

வலப்பக்கம், இன்டெக்ஸ் 5 முதல் 7 வரை: 88 51 65. பிவட் 88, மூன்றிலும் பெரியது. i 51ஐத் தாண்டி இன்டெக்ஸ் 7க்கு வருகிறது. அங்கே 65 இருக்கிறது, அதுவும் சின்னதுதான். i < high இல்லாவிட்டால் இன்டெக்ஸ் 8க்குப் போய், நமக்குச் சொந்தமில்லாத மெமரியில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணை ஒப்பிடும். சி மொழி அதைத் தடுக்காது. ஒரு நாள் சரியாக ஓடும், இன்னொரு நாள் புரோகிராம் பாதியிலேயே நின்றுவிடும். நம் கோடில் தடுப்பு இருப்பதால் i = 7, j = 7. கடைசி ஸ்வாப்பில் 65 51 88. பிறகு 65 51 என்ற ஜோடி 51 65 ஆகிறது.

```
17  23  30  36  42  51  65  88
```

மொத்தம் ஐந்து பார்ட்டிஷன். 42, 23, 36, 88, 65 என்ற வரிசையில் பிவட்டுகள் தங்கள் இடத்துக்குப் போகின்றன. "இரண்டாவது பாஸ் முடிந்ததும் என்ன" என்று கேட்டால், ஒரு பாஸ் என்பது ஒரு பார்ட்டிஷன் என்று வைத்துக்கொண்டால், 17 23 36 30 42 88 51 65 என்று எழுத வேண்டும். வலப்பக்கம் அப்போது இன்னும் தொடப்படவில்லை. சிலர் இடது வலது இரண்டையும் ஒரே வரியில் பிரித்து "இரண்டாவது லெவல்" என்று எழுதுவார்கள். ரிகர்ஷன் மரத்தைப் படமாக வரைய அது வசதிதான், ஆனால் புரோகிராம் அந்த வரிசையில் ஓடாது. இடப்பக்கம் முழுதும் முடிந்த பிறகுதான் வலப்பக்கம் தொடங்கும்.

சரி, உங்கள் கோடுக்கு வருவோம். உங்கள் விடையை வைத்துப் பார்த்தால் அது லோமுட்டோ முறை. கடைசி எண் பிவட், அதாவது 36. இங்கே i, j இரண்டும் ஒரே திசையில்தான் நடக்கின்றன. j எல்லா எண்ணையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறது. i என்பது "இதுவரை கிடைத்த சின்ன எண்கள் இங்கே வரைக்கும்" என்று காட்டும் எல்லைக் கல். அது -1இல் தொடங்கும். j ஒரு சின்ன எண்ணைப் பார்க்கும் போதெல்லாம் i ஒரு அடி முன்னால் போகும், அந்த இடத்தில் இருக்கும் எண்ணோடு அந்தச் சின்ன எண் மாறிக்கொள்ளும்.

42 பெரியது, விடு. 17 சின்னது, i = 0, 42உடன் மாறுகிறது. 65ஐ விடு. 30 சின்னது, i = 1, அங்கே இருக்கும் 42உடன் மாறுகிறது. 88ஐ விடு. 23 சின்னது, i = 2, அங்கே இருக்கும் 65உடன் மாறுகிறது. 51ஐ விடு. கடைசியில் பிவட் 36, எல்லைக்கு அடுத்த இடமான இன்டெக்ஸ் 3இல் இருக்கும் 42உடன் மாறுகிறது.

```
42  17  65  30  88  23  51  36
17  42  65  30  88  23  51  36
17  30  65  42  88  23  51  36
17  30  23  42  88  65  51  36
17  30  23  [36]  88  65  51  42
```

நீங்கள் போட்டது அப்படியே வருகிறது. 42 எத்தனை முறை இடம் மாறியது பாருங்கள்: 0, 1, 3, கடைசியில் 7. ஸ்லைடு முறையில் 42 ஒரே ஒரு முறைதான் நகர்ந்தது. லோமுட்டோ முறையை எழுதுவது சுலபம், ஆனால் அதில் பெரிய எண்கள் வலப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப்பட்டுக்கொண்டே போகும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நெட்டில் கோடு எடுப்பது ஆபத்து. டோனி ஹோர் 1959இல் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது, மொழிபெயர்ப்பு வேலைக்காகச் சொற்களை வரிசைப்படுத்தும் வழி தேடிக் கண்டுபிடித்ததுதான் குயிக் சார்ட். 1961இல் அதை வெளியிட்டார். இன்று ஹோர் பார்ட்டிஷன் என்று சொல்லப்படுவதிலும் i, j இரண்டும் எதிரெதிராகத்தான் நடக்கின்றன, ஆனால் பிவட்டுக்குச் சமமான எண்ணிலும் நின்றுவிடும். கடைசியில் பிவட்டை நடுவில் கொண்டு வைக்கும் ஸ்வாப்பும் கிடையாது.

நம் லிஸ்ட்டில் போட்டுப் பார்ப்போம். பிவட் 42தான். i முதல் எண்ணான 42இலேயே நிற்கிறது, j 36இல் நிற்கிறது, இரண்டும் மாறுகின்றன. அடுத்து 65உம் 23உம் மாறுகின்றன. அடுத்த முறை i 88இலும் j 30இலும் நிற்கும்போது தாண்டிவிட்டன. திருப்பி அனுப்பும் எண் j, அதாவது 3.

```
36  17  23  30 | 88  65  51  42
```

பிவட் 42 எங்கே இருக்கிறது? கடைசியில். அதன் சரியான இடம் 4, ஆனால் அது 7இல் கிடக்கிறது. அது தப்பில்லை. இந்த முறை உறுதி கொடுப்பது "இடது பாதியில் 42ஐவிடப் பெரியது இல்லை, வலது பாதியில் 42ஐவிடச் சின்னது இல்லை" என்பதற்கு மட்டும்தான். எனவே ரிகர்ஷன் 0 முதல் 3 வரை ஒன்று, 4 முதல் 7 வரை ஒன்று என்று போக வேண்டும். ஒரு இடத்தில் இந்த பார்ட்டிஷனை எடுத்து, இன்னொரு இடத்தில் low முதல் p-1, p+1 முதல் high என்ற ரிகர்ஷனை எடுத்து ஒட்டினால் என்ன ஆகும்? இன்டெக்ஸ் 3இல் இருக்கும் 30ஐ யாரும் தொட மாட்டார்கள். இரண்டு பக்கமும் எப்படியோ முழுதாகச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால்கூட வெளியே வருவது இதுதான்:

```
17  23  36  30  42  51  65  88
```

எட்டில் ஆறு எண் சரியான இடத்தில். நானும் படிக்கும் காலத்தில் இப்படி இரண்டு இடத்திலிருந்து ஒட்டி, ஒரு மாலை முழுக்க ஸ்வாப் ஃபங்ஷனில் தப்பைத் தேடினேன். ஸ்வாப் சரியாகத்தான் இருந்தது. விடை கிட்டத்தட்ட சரியாக வந்து, பக்கத்துப் பக்கத்து எண் ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது பார்ட்டிஷனும் ரிகர்ஷன் எல்லைகளும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்பதை.

சமமான எண்ணில் நிற்பது வீண் வேலை போலத் தெரியும். ஆனால் எட்டும் 42ஆகவே இருக்கும் ஒரு லிஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். ஸ்லைடு கோடில் i எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக்கே போய்விடும். ஒரு பக்கம் ஏழு எண், மறு பக்கம் ஒன்றுமில்லை. அடுத்து ஆறு, அப்புறம் ஐந்து. லோமுட்டோவிலும் இதே கதிதான். ஹோர் முறையில் இரண்டும் ஒவ்வொரு எண்ணிலும் நின்று நின்று மாற்றிக்கொண்டு நடுவில் சந்திக்கும், லிஸ்ட் சரிபாதியாகப் பிரியும். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் லிஸ்ட்டில் முதல் எண்ணையோ கடைசி எண்ணையோ பிவட்டாக எடுத்தாலும் இதே ஒருதலைப் பிரிவுதான். நம் எட்டு எண்ணையும் வரிசையாகவே கொடுத்தால் ஸ்லைடு கோடு ஐந்துக்குப் பதில் ஏழு பார்ட்டிஷன் எடுக்கும். எட்டு எண்ணில் வித்தியாசம் தெரியாது. ஆயிரம் எண் வரிசையாக வந்தால் 999 பார்ட்டிஷன், ரிகர்ஷனும் அதே ஆழத்துக்கு இறங்கும்.

இன்டர்னலுக்கு, கையால் ட்ரேஸ் செய்யும்போது உதவும் இரண்டு சோதனைகள் சொல்கிறேன், இரண்டுக்கும் ஸ்லைடு தேவையில்லை. ஒன்று, பிவட் எங்கே போய் உட்காரும் என்பதை ட்ரேஸ் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். 42ஐவிடச் சின்ன எண்களை எண்ணுங்கள்: 17, 30, 23, 36. நான்கு. எனவே 42 இன்டெக்ஸ் 4இல்தான் உட்கார வேண்டும். 36ஐவிடச் சின்னவை மூன்று, எனவே உங்கள் விடையில் அது இன்டெக்ஸ் 3. வேறு எங்காவது வந்தால் எங்கோ தவறு. பிவட்டை அதன் இடத்தில் வைக்காத ஹோர் முறைக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டாவது, கூட்டுத்தொகை. நம் லிஸ்ட்டின் கூட்டுத்தொகை 352. ஸ்வாப் எத்தனை நடந்தாலும் அது மாறாது. கையால் எழுதும்போது வரும் பெரும்பாலான தவறு, ஒரு எண்ணை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு இன்னொன்றைத் தொலைப்பது. முதல் ஸ்வாப்பில் 36ஐ இன்டெக்ஸ் 2இல் எழுதிவிட்டு, 7ஐ மாற்ற மறந்தால் வரிசையில் இரண்டு 36 இருக்கும், 65 இருக்காது, கூட்டுத்தொகை 323 ஆகிவிடும். சந்தேகம் வந்த வரியில் மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும்.

ஸ்லைடில் நடு வரிகள் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் அனிமேஷன்தான். வகுப்பில் i, j அம்புகள் ஒவ்வொன்றாக நகர்ந்து காட்டும். பிடிஎஃப் ஆக்கும்போது கடைசி நிலை மட்டும் மிஞ்சும், அல்லது எல்லா அம்புகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். அதனால் விடைத்தாளில் முதல் வரியிலேயே "பிவட் = முதல் எண்" என்று எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்வாப்புக்கும் ஒரு வரி, பக்கத்தில் அப்போதைய i, j மதிப்பு. மேலே போட்ட ட்ரேஸை அப்படி எழுதினால் முதல் பாஸுக்கு நான்கே வரி: தொடக்கம், (2, 7) ஸ்வாப், (4, 5) ஸ்வாப், தாண்டிய பிறகு பிவட்டின் ஸ்வாப்.